பழைய மாணவரிடம் ரெஃபரல் கேட்பது: அவர் சங்கடமில்லாமல் மறுக்கும்படி எப்படி எழுதலாம்?

பசறைக்காரன்
செப்டம்பர் 3, இரவு 9.10

ஊவா வெல்லஸ்ஸவில் கம்பியூட்டர் சயன்ஸ் கடைசி வருடம். கொழும்பில் ஒரு சொஃப்ட்வெயார் கம்பெனி கியூஏ வேலைக்கு ஆள் எடுக்கிறது. முடிவுத் திகதி செப்டம்பர் 19. எங்க டிபார்ட்மென்ட்ல மூணு பெட்ச் மேல படிச்ச அண்ணா ஒருத்தர் அங்கே இருக்கார். செமினார் ஒண்ணுல ஒரு தடவை பேசினதோட சரி. ரெஃபரல் கேக்கணும். ஆனா அவருக்கு விருப்பம் இல்லாட்டி "இல்ல"ன்னு சொல்றதுக்கு அவர் தடுமாறக் கூடாது. எழுதி வச்சது இது:

> வணக்கம் அண்ணா, நான் உங்க கெம்பஸ் ஜூனியர். உங்க கம்பெனியில் வேலை இருக்கிறதா பார்த்தேன். உங்களுக்கு நேரம் இருந்தா கட்டாயம் ஒரு ரெஃபரல் குடுங்க அண்ணா. உங்களைத்தான் நம்பியிருக்கேன். வீட்டு நிலைமை கொஞ்சம் கஷ்டம். சீக்கிரம் பதில் போடுங்க.

இதுல எதை மாத்தணும்?

வாணி, கொட்டகலை
செப்டம்பர் 3, இரவு 10.02

தம்பி, "கட்டாயம்", "உங்களைத்தான் நம்பியிருக்கேன்", "வீட்டு நிலைமை" மூன்றையும் எடுத்துவிடுங்கள். இவற்றைப் படித்த பிறகு மறுத்தால், ஒரு வேலை விஷயத்தை மறுத்ததாக அவருக்குத் தோன்றாது. உங்கள் குடும்பத்தைக் கைவிட்டதாகத்தான் தோன்றும்.

"நேரம் இருந்தா" என்பது பணிவாகத் தெரிகிறது, ஆனால் அது வெளியே போகும் வழி இல்லை. ஒரு படிவம் நிரப்பப் பத்து நிமிடம் போதும் என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "நேரம் இல்லை" என்று அவர் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும். நீங்கள் கொடுக்கும் காரணம் அவர் உண்மையாகவே சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அப்படி ஒன்று கையிலேயே இருக்கிறது: அவருக்கு உங்கள் வேலையைத் தெரியாது. அதை நீங்களே முதலில் எழுதிவிடுங்கள்.

ஆட்சேர்ப்புப் பிரிவில் இருப்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். பல கம்பெனிகளின் உள் படிவத்தில் பெயர், இமெயில், வேலை எண், சீவி மட்டும் கேட்பதில்லை. "இவரை எப்படித் தெரியும்? எவ்வளவு காலமாகத் தெரியும்? சேர்ந்து வேலை செய்திருக்கிறீர்களா? நீங்களாகவே சிபாரிசு செய்கிறீர்களா?" என்றெல்லாம் இருக்கும். அந்தக் கடைசிக் கேள்விக்கு முன்னால்தான் உங்கள் அண்ணா உட்கார்ந்திருப்பார். செமினாரில் ஒரு தடவை கண்டதை வைத்து அவர் அங்கே என்ன எழுதுவார்?

வாணி, கொட்டகலை
செப்டம்பர் 3, இரவு 10.20

இன்னொன்று விட்டுப்போனது. மறுப்பதற்கு அவரிடம் வெளியே சொல்ல முடியாத காரணங்களும் இருக்கலாம். அதே இடத்துக்குத் தன் பெட்ச்மேட் ஒருவரின் பெயரை ஏற்கெனவே கொடுத்திருக்கலாம். அவரே இன்னும் புரொபேஷனில் இருக்கலாம், அல்லது வேறு கம்பெனிக்கு மாறும் யோசனையில் இருக்கலாம். அந்த டீம் சரியில்லை என்று தெரிந்திருக்கலாம். ஆட்சேர்ப்பை நிறுத்தப்போகிறார்கள் என்று உள்ளே பேச்சு அடிபடலாம். எதையும் உங்களிடம் சொல்ல அவரால் முடியாது. ஆகவே காரணம் கேட்காத கடிதம்தான் நல்ல கடிதம். "முடியாவிட்டால் ஏன் என்று மட்டும் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்" என்று சிலர் எழுதுகிறார்கள். படிக்க நன்றாக இருக்கும். அவரை மூலைக்குத் தள்ளுவதும் அந்த வரிதான்.

மணி, ஹப்புத்தளை
செப்டம்பர் 4, காலை 6.45

இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. எழுத்தில் கேட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். சனி ஞாயிறில் எப்படியும் ஊருக்கு வருவார், வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். முன்பின் தெரியாதவரிடம் நேரில் கேட்டால் மின்னஞ்சலில் கேட்பதைவிடப் பல மடங்கு சம்மதம் கிடைக்கும் என்று 2017இல் ஒரு ஆய்வே வந்திருக்கிறது. கெனடாவிலோ அமெரிக்காவிலோ செய்தது.

வாணி, கொட்டகலை
செப்டம்பர் 4, காலை 8.30

மணி அண்ணா, நீங்கள் சொல்வது ரோகனிசாத், போன்ஸ் இருவரின் ஆய்வு. அது உண்மைதான். ஆனால் அங்கே கேட்டது ஒரு கேள்விப் படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி. நிரப்பிக் கொடுத்ததோடு அந்த ஆளின் பொறுப்பு முடிந்தது. ரெஃபரல் அப்படி இல்லை. "சரி" என்று சொன்ன பிறகுதான் வேலையே தொடங்குகிறது. அவர் ஒஃபிஸ் போய், தனியாக உட்கார்ந்து, உங்களைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும். வீட்டு வாசலில் வடையும் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டு வாங்கிய சம்மதம் அந்த நேரத்தில் அவர் கூட இருக்காது. "ஒரே பல்கலைக்கழகம், நேரடியாகத் தெரியாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். எச்ஆரில் இருந்து பார்க்கிற எங்களுக்கு அந்த வரி வெறும் விண்ணப்பத்துக்கு மேல் ஒன்றும் சேர்க்காது.

அதோடு பசறைக்காரன் தம்பி கேட்டது சம்மதத்தைக் கூட்டும் வழியை இல்லை. அந்த அண்ணா எளிதாக மறுக்க வழி எது என்றுதான் கேட்டிருக்கிறார். நேரில் கேட்டால் சம்மதம் கூடுவதற்கு, முகத்தைப் பார்த்து மறுக்க முடியாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மணி, ஹப்புத்தளை
செப்டம்பர் 4, காலை 9.05

முகம் தெரியாமல் யாரும் யாரையும் சிபாரிசு செய்ய மாட்டார்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

டீச்சர், பொகவந்தலாவை
செப்டம்பர் 4, மதியம் 1.15

சீவியின் கடைசியில் இரண்டு பேரின் பெயர் போடுவதைத்தானே சொல்கிறீர்கள்? உறவினர் அல்லாத இரண்டு பேர், பதவி, விலாசம், தொலைபேசி எண். அதற்கு விரிவுரையாளரிடம் முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டும். கேட்காமல் பெயர் போடுகிற பிள்ளைகள் நிறைய. அந்தக் கம்பெனியில் வேலை செய்பவரின் பெயரை அதில் போடலாமா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

ராஜன், டிக்கோயா
செப்டம்பர் 4, மாலை 6.40

டீச்சர், நீங்க சொல்றது ரெஃபரி. வேலை கிட்டத்தட்ட முடிவான பிறகுதான் பெரும்பாலும் அவங்களுக்குக் கோல் போகும். தம்பி கேக்கிறது ரெஃபரல். கம்பெனிக்கு உள்ளே இருக்கிறவர் இன்டர்வியூவுக்கு முன்னாடியே பெயரை உள்ளே தள்ளுறது. ஆனா நீங்க கேட்ட கடைசிக் கேள்வி முக்கியம். அந்த அண்ணா பெயரை ரெஃபரியா போடவே கூடாது. அவர் ரெஃபரலுக்கு "இல்ல"ன்னு சொன்ன பிறகும் சீவியில அவர் பெயர் நின்னா, அவர் மறுத்ததுக்கு மதிப்பே இல்லாமப் போயிடும். அனுமதி கேக்கிற விஷயம் ரெண்டுக்கும் பொதுதான், அதை நல்லா சொன்னீங்க.

எனக்கு இந்த மாதிரிக் கடிதங்கள் நிறைய வரும். எதுல வருதுங்கிறதைப் பத்திச் சொல்றேன்.

வட்ஸ்அப் வேண்டாம். நீல டிக் விழுந்த நிமிஷத்துல இருந்து அவர் கடன்காரர். லிங்க்ட்இன்லயும் படிச்சது தெரியும், அவர் அதை அணைச்சு வச்சிருந்தாத் தெரியாது. சாதாரண இமெயில்ல படிச்சாரா இல்லையான்னு உங்களுக்குத் தெரியாது. அந்த மறைவு அவருக்குத் தேவை. ஆனா அவரோட கம்பெனி இமெயிலுக்கு அனுப்பவே அனுப்பாதீங்க. அது கம்பெனியோட பெட்டி, அங்கே இருந்து சுதந்திரமா பதில் எழுத மாட்டார். சொந்த இமெயில் தெரியாட்டி லிங்க்ட்இன். பெட்ச் குரூப்புல இருந்து நம்பர் எடுத்துக் கோல் பண்றது எல்லாத்தையும் விட மோசம்.

குரூப்புல பொதுவா "யாராவது ரெஃபர் பண்ணுவீங்களா"ன்னு போடுறதும் சரியா வராது. அந்தக் கம்பெனியில இருக்கிறது அவர் ஒருத்தர்தான்னு எல்லாருக்கும் தெரியும். பேர் சொல்லாமலே பேர் சொன்ன மாதிரி.

பசறைக்காரன்
செப்டம்பர் 4, இரவு 8.55

அவர் சொந்த இமெயில் டிபார்ட்மென்ட் பழைய மாணவர் பட்டியல்ல இருக்கு, அவரே குடுத்தது. அதுக்கு அனுப்புறேன்.

ஒரு குழப்பம். நான் இப்பவே வெப்சைட்ல அப்ளை பண்ணிட்டு அவர்கிட்ட கேக்கிறதா, இல்ல கேட்டுட்டு அப்ளை பண்றதா? முதல்ல பண்ணிட்டா "எப்படியும் போட்டாச்சு, நீங்க செய்யாட்டியும் பரவால்ல"ன்னு சொல்லலாம். அதுதானே அவருக்கு லேசு?

வாணி, கொட்டகலை
செப்டம்பர் 4, இரவு 10.40

நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் ஒரு சிக்கல். பல கம்பெனிகளில், நீங்கள் ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால் அதற்குப் பிறகு வரும் ரெஃபரல் கணக்கில் சேராது. உங்கள் இமெயில் சிஸ்டத்தில் ஏற்கெனவே இருப்பதால், அவர் பெயரைப் போடும்போது "இவர் முன்பே பதிவாகியிருக்கிறார்" என்று வரும். எல்லா இடத்திலும் இப்படி இல்லை. சில இடங்களில் எச்ஆருக்கு எழுதிப் பின்னால் இணைக்கலாம். ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் அவர். அவருக்கு வேலையைக் கூட்டிவிடுகிறீர்கள்.

நேர்மாறாக, அவர் பதிலுக்காக முடிவுத் திகதி வரை காத்திருந்தால் முழுப் பாரமும் அவர் தலையில். 18ஆம் திகதி இரவு அவர் "இல்லை" என்றால் உங்கள் வாய்ப்பையே கெடுத்தவராகிவிடுவார். அதனால் மனமில்லாமலே "சரி" சொல்வார்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நீங்களே அப்ளை பண்ணும் ஒரு திகதியை முடிவு செய்து அதைக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். முடிவு 19 என்றால் உங்கள் திகதி 12. நாளை அனுப்பினால் அவருக்கு ஒரு வாரம் கிடைக்கும், நடுவில் ஒரு சனி ஞாயிறும் வரும். "12ஆம் திகதி இரவு நானே வெப்சைட்டில் விண்ணப்பிக்கிறேன். அதற்குள் உங்களிடமிருந்து எதுவும் வராவிட்டால் இந்தத் தடவை வசதிப்படவில்லை என்று எடுத்துக்கொள்வேன், பதில் எழுத வேண்டியதில்லை." இந்த இரண்டு வசனத்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அவர் ஒன்றும் செய்யாமல் இருப்பதே மறுப்பு ஆகிவிடுகிறது. "இல்லை" என்ற சொல்லை அவர் எழுத வேண்டியதே இல்லை. மறுத்தாலும் உங்களுக்கு வேலை வாய்ப்பு போய்விடவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆனால் அந்தத் திகதி உண்மையாக இருக்க வேண்டும். 12 என்று எழுதிவிட்டு 13ஆம் திகதி "அண்ணா, இன்னும் போடல, பார்த்தீங்களா?" என்று கேட்டால் முதல் கடிதமே பொய்யாகிவிடும். உங்கள் மேல் அவர் வைத்திருந்த மதிப்பும் அதோடு போய்விடும்.

முடிவுத் திகதி போடாத வேலைகளும் உண்டு, ஆள் கிடைத்ததும் மூடிவிடுவார்கள். அவற்றுக்கு ஒரு வாரம் காத்திருக்காதீர்கள். மூன்று நாள் போதும்.

வாணி, கொட்டகலை
செப்டம்பர் 4, இரவு 11.15

முழுதாக எழுதிப் பார்த்தேன். இதை அப்படியே அனுப்பாதீர்கள், உங்கள் பேச்சில் மாற்றிக்கொள்ளுங்கள்.

> தலைப்பு: கியூஏ வேலை பற்றி ஒரு கேள்வி (வேலை எண் உள்ளே)
>
> வணக்கம் அண்ணா. நான் நம்ம டிபார்ட்மென்ட்டில் கடைசி வருடம். போன வருட செமினாரில் உங்களிடம் டெஸ்டிங் பற்றி ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான் பழக்கம்.
>
> உங்கள் கம்பெனியின் கியூஏ வேலைக்கு (எண்ணும் லிங்க்கும் கீழே) 12ஆம் திகதி இரவு நானே விண்ணப்பிக்கப் போகிறேன். அதற்கு முன் என் பெயரை உள்ளே கொடுக்க உங்களுக்குச் சரியாகப் படுமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். என் வேலையை நீங்கள் பார்த்ததில்லை, அதனால் வேண்டாம் என்று தோன்றினால் அது நியாயம்தான். 12க்குள் பதில் வராவிட்டால் இந்தத் தடவை வசதிப்படவில்லை என்று எடுத்துக்கொள்வேன், மறுபடி கேட்க மாட்டேன்.
>
> ரெஃபரல் இல்லாமல் ஒரு சின்னக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல விரும்பினால்: இந்த வேலையில் கையால் டெஸ்ட் செய்வது அதிகமா, ஓட்டோமேஷன் அதிகமா?
>
> உங்களுக்கு எழுதியதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

"அதற்கு முன்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ரெஃபரலை விண்ணப்பத்துக்கு முன் போட வேண்டும் என்பதை அவருக்குப் பாடம் எடுக்காமல் அது சொல்லிவிடுகிறது.

சின்னக் கேள்வி ஏன் என்றால், மறுக்கிறவருக்கு வெறுங்கையோடு போவது கஷ்டம். சிறிதாக ஏதாவது கொடுத்துவிட்டுப் போக ஒரு வழி வேண்டும். ஆனால் அது ரெஃபரலைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். "ரெஃபரல் முடியாவிட்டால் மனேஜர் நம்பர் தாருங்கள்" என்று கேட்பது அதைவிடப் பெரிய கேள்வி.

கடைசி வரி மலைநாட்டில் கட்டாயம் வேண்டும். நம்ம பக்கம் ஒருவர் மறுத்தார் என்பது அடுத்த திருவிழாவுக்குள் இரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிடும். அந்தப் பயத்திலேயே பலர் "சரி" சொல்கிறார்கள்.

ராஜன், டிக்கோயா
செப்டம்பர் 5, காலை 7.20

வாணி அக்கா, கடிதம் நல்லா இருக்கு. ஒரு விஷயத்துல ஒத்துப்போக முடியல. சீவியை ஏன் இணைக்கல?

வாணி, கொட்டகலை
செப்டம்பர் 5, காலை 8.10

வேண்டுமென்றுதான். சீவி கூடவே வந்தால் "ஏற்கெனவே அனுப்பிவிட்டான், இனிப் போட வேண்டியதுதான்" என்ற நெருக்குதல் வரும். சம்மதித்த பிறகு அனுப்பினால் போதும்.

ராஜன், டிக்கோயா
செப்டம்பர் 5, காலை 8.45

எனக்கு நேர்மாறாப் படுது. சீவி இல்லாட்டி முடிவெடுக்க நான் அதைக் கேக்கணும். கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு "வேண்டாம்"னு சொன்னா, உன் சீவி எனக்குப் பிடிக்கலன்னு முகத்துல சொன்ன மாதிரி. கடிதத்தோடயே இருந்தா சத்தமில்லாம பார்த்துட்டு சத்தமில்லாம விட்டுடலாம். நான் பார்த்தேனான்னு யாருக்கும் தெரியாது.

ஆனா கூகுள் டிரைவ் லிங்க் போடாதீங்க. அனுமதியைத் திறந்து வைக்க நிறையப் பேர் மறந்துடுறாங்க. அவர் திறக்கப் போனா "அனுமதி கேளுங்கள்"னு வரும். அழுத்தினா உங்களுக்கு நோட்டிஃபிகேஷன் வந்துடும், அவர் பார்க்க முயற்சி பண்ணினது தெரிஞ்சுடும். பிடிஎஃப் ஆகவே இணைங்க, ஒரு பக்கம் போதும்.

வாணி, கொட்டகலை
செப்டம்பர் 5, காலை 9.30

"கேட்டு வாங்கின பிறகு மறுக்க முடியாது" என்பதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் கொஞ்சம் பழகியவர் என்றால் இணைக்காமல் கேட்பதையே நான் சொல்வேன். தம்பிக்கும் அந்த அண்ணாவுக்கும் பழக்கமே இல்லை என்பதால் இந்தத் தடவை ராஜன் சொன்னபடி இணைக்கலாம். எல்லாருக்கும் பொருந்தும் விதியாக இதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பசறைக்காரன்
செப்டம்பர் 5, இரவு 7.30

பிடிஎஃப் இணைச்சு, வேலை எண்ணும் போட்டு அனுப்பிட்டேன். "உங்களுக்கு எழுதியதை வேறு யாரிடமும் சொல்லவில்லை"ங்கிற வரியை மட்டும் "யாரிடமும் உங்க பெயர் சொல்லல"ன்னு மாத்தினேன். இங்கே கேட்டிருக்கேன்ல, அதனால.

வாணி, கொட்டகலை
செப்டம்பர் 5, இரவு 8.00

சரியாக மாற்றியிருக்கிறீர்கள்.

நிஷா, நுவரெலியா
செப்டம்பர் 6, காலை 10.15

எனக்கும் இதே மாதிரிதான், ஆனா கொஞ்சம் வித்தியாசம். நான் எழுதுறதுக்கு முன்னாடியே அம்மா அந்த அக்காவோட அம்மாகிட்ட கோயில்ல சொல்லிட்டாங்க. அவங்க "சொல்றேன், கட்டாயம் செய்வா"ன்னு வேற சொல்லிட்டாங்களாம். இப்ப அந்த அக்காவுக்கு நான் எழுதுறதா, விட்டுடுறதா? வேலை ஒரு தனியார் வங்கியில, மார்க்கெட்டிங்.

வாணி, கொட்டகலை
செப்டம்பர் 6, மதியம் 12.05

எழுதுங்கள், இன்றைக்கே. அந்த அக்காவுக்கு அவருடைய அம்மா வழியாகச் செய்தி ஏற்கெனவே போயிருக்கும். இப்போது அவர் மறுத்தால் இரண்டு அம்மாக்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சுமையை இறக்கிவைக்க உங்களால் மட்டும்தான் முடியும். இப்படி எழுதலாம்: "அக்கா, எங்கள் அம்மா உங்கள் வீட்டில் என் வேலை பற்றிப் பேசியதாகக் கேள்விப்பட்டேன். நான் சொல்லி நடந்ததல்ல. நான் இன்ன திகதியில் நேரடியாக விண்ணப்பிக்கிறேன், அதை எங்கள் வீட்டிலும் சொல்லிவிட்டேன். உங்களிடம் யாராவது கேட்டால் 'அவளே போட்டுவிட்டாள்' என்று சொன்னால் போதும்."

இந்தக் கடிதத்தில் ரெஃபரல் கேட்காதீர்கள். அவருக்கு மனம் இருந்தால் அந்தத் திகதிக்கு முன் அவரே எழுதுவார். வீட்டிலும் உண்மையாகவே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கடிதம் பயன்படாது.

மணி, ஹப்புத்தளை
செப்டம்பர் 6, மாலை 4.20

கோயிலில் வைத்து அம்மா கேட்டதால்தான் அந்த அக்காவுக்கு நிஷாவைப் பற்றியே தெரியவந்தது. கேட்ட உதவியை ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும்? பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் பேசுவது நம்ம வழக்கம்தானே. தொழிற்சங்கம் வழியாக, தலைவர் வழியாக எத்தனை வேலை கிடைத்திருக்கிறது.

ராஜன், டிக்கோயா
செப்டம்பர் 6, மாலை 5.50

மணி அண்ணா, பெரியவங்க கேட்டா, அந்தப் பெரியவங்களே முடிவு சொல்ற இடத்துக்கு அது சரிவரும். இங்கே அந்த அக்கா முடிவு சொல்ற ஆள் இல்ல, பெயரை உள்ளே குடுக்கிறவங்க மட்டும். படிவத்துல "இவரை எப்படித் தெரியும்"னு கேட்டா "எங்க அம்மாவுக்கு அவங்க அம்மாவைத் தெரியும்"னு எழுத முடியாது. வங்கிப் படிவங்கள்ல உறவு இருக்கான்னு தனியாவே கேக்கலாம். தூரத்து உறவு இருந்தா அந்த அக்கா அதைச் சொல்லியாகணும். நிஷா, அதையும் வீட்டுல கேட்டுப் பாருங்க.

மணி, ஹப்புத்தளை
செப்டம்பர் 6, இரவு 7.10

உறவு விஷயம் நான் யோசிக்கவில்லை. அது சரி. மற்றதில் என் கருத்து மாறவில்லை.

பசறைக்காரன்
செப்டம்பர் 9, காலை 6.30

பதில் வந்திருக்கு. "தம்பி, கிடைச்சது. இந்த வாரம் ரிலீஸ் ஒண்ணு இருக்கு. பார்ப்போம்." இது ஆமாவா இல்லையா? ஒரு நினைவூட்டல் அனுப்பலாமா?

ராஜன், டிக்கோயா
செப்டம்பர் 9, காலை 7.45

செய்யப்போறவங்க எழுதுற பதிலே வேற. "எந்த இமெயில்ல அப்ளை பண்ணுவே?", "எப்ப படிப்பு முடியுது?", "இந்த எண்தானே?"ன்னு படிவத்துக்குத் தேவையானதைக் கேப்பாங்க. "பார்ப்போம்"ல அப்படி ஒரு கேள்வியும் இல்ல. மரியாதையா விலகுறார்னு எடுத்துக்கிட்டுத் திட்டம் போடுங்க. கடைசில செஞ்சா சந்தோஷம்.

நினைவூட்டல் வேண்டாம். மறுபடி கேக்க மாட்டேன்னு எழுதியிருக்கீங்க. ஆனா 11ஆம் திகதி "அண்ணா, நாளைக்கு இரவு போடுறேன்"னு தகவலா ஒரு வரி போட்டா தப்பில்லன்னு நினைக்கிறேன்.

வாணி, கொட்டகலை
செப்டம்பர் 9, காலை 9.00

எனக்கு அந்த ஒரு வரியும் நினைவூட்டலாகத்தான் படுகிறது. திகதி ஏற்கெனவே அவருக்குத் தெரியும். இப்போது எழுதக்கூடியது ஒன்றுதான்: "நன்றி அண்ணா. ரிலீஸ் நல்லபடி முடியட்டும். சொன்னபடி 12ஆம் திகதி நானே போட்டுவிடுகிறேன், நீங்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டியதில்லை." இதை இன்றைக்கே அனுப்புங்கள். 11ஆம் திகதி அனுப்பினால் கதவைத் தட்டுவது போலிருக்கும். அவருடைய பதிலுக்கு உடனே எழுதினால் அவரை விடுவிப்பதாகப் படும்.

பசறைக்காரன்
செப்டம்பர் 9, இரவு 9.20

வாணி அக்கா சொன்னபடி இன்னைக்கே அனுப்பிட்டேன்.

பசறைக்காரன்
செப்டம்பர் 12, இரவு 10.50

அப்ளை பண்ணியாச்சு. ஒன்பது மணிக்கு அவர்கிட்ட இருந்து மெயில் வந்தது. ரெஃபரல் பத்தி ஒரு வார்த்தையும் இல்ல. "அந்த டீம்ல ஓட்டோமேஷன்தான் அதிகம். செலீனியம் தெரிஞ்சா சீவியில மேலே போடு, கடைசி வருட புரொஜெக்ட்டைக் கீழே தள்ளு" அப்படின்னு மட்டும். செலீனியம் வச்சுச் செஞ்ச சின்ன வேலை ஒண்ணு சீவியில கடைசி வரியில இருந்தது, மேலே கொண்டுவந்து போட்டேன். இப்ப அவருக்கு நன்றி சொல்லி எழுதலாமா, இல்ல அதுவும் அவரை நெருக்குமா?

ராஜன், டிக்கோயா
செப்டம்பர் 13, காலை 8.00

கட்டாயம் எழுதுங்க. ரெண்டு வரி. அவர் சொன்னதை எப்படிச் செஞ்சீங்கன்னு சொல்லுங்க, அதோட நிறுத்துங்க. இன்டர்வியூ வந்தாலும் அவர்கிட்ட "உள்ளே கேட்டுப் பாருங்க"ன்னு போகாதீங்க. ரெஃபரலுக்குச் சொன்ன "இல்ல" அதுக்கும் சேர்த்துத்தான்.

வாணி, கொட்டகலை
செப்டம்பர் 13, காலை 8.40

ஆமாம். "ரெஃபரல் கொடுக்காவிட்டாலும்" என்று தொடங்காதீர்கள். அந்த விஷயத்தை அவர் தொடவில்லை, நீங்களும் தொட வேண்டாம்.

நிஷா, நுவரெலியா
செப்டம்பர் 14, மாலை 3.30

அந்த அக்காவுக்கு எழுதினேன். உறவு ஒண்ணும் இல்ல, வீட்டுல கேட்டேன். அக்கா "நானே போடுறேன், இமெயிலும் படிப்பு முடியிற மாசமும் அனுப்பு"ன்னு பதில் போட்டாங்க. என்கிட்ட ரெண்டு இமெயில் இருக்கு. கெம்பஸ் இமெயில் குடுக்கிறதா, ஜிமெயில் குடுக்கிறதா?

வாணி, கொட்டகலை
செப்டம்பர் 14, மாலை 5.15

ஜிமெயில். படிப்பு முடிந்ததும் கெம்பஸ் இமெயிலை மூடிவிடலாம், நடுவில் வரும் கடிதம் கிடைக்காமல் போகும். அக்காவுக்குக் கொடுக்கும் அதே முகவரியைத்தான் சீவியிலும் போட வேண்டும். அவர் போட்ட பிறகு சிஸ்டத்திலிருந்து உங்களுக்கு ஒரு லிங்க் வரலாம். வந்தால் வெப்சைட்டில் தனியாகப் போடாமல் அந்த லிங்க் வழியாகவே விண்ணப்பத்தை முடியுங்கள். வேறு இமெயிலில் போட்டால் சிஸ்டம் உங்களை இரண்டு ஆளாக எடுக்கும், ரெஃபரல் ஒரு ஆளிலும் விண்ணப்பம் இன்னொரு ஆளிலும் நிற்கும். இரண்டு நாளில் லிங்க் வராவிட்டால் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். அதிலும் இல்லாவிட்டால் அக்காவிடம் கேட்கலாம், அவர் சம்மதித்துவிட்டதால் இந்தக் கேள்வியில் தவறில்லை.